‘ஆவன செய்க’: செய்வது யார்?

சுன்னாகத்தில் ஒருவர் விடியற்காலையில் கிணற்றில் வாளியை விட்டு இழுக்கிறார். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது, மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடையும் வருகிறது. அவர் முறைப்பாடு எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது?

கிராம அலுவலருக்கு எழுதலாம். கிணறு வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருப்பதால் அங்கும் கொடுக்கலாம். குடிநீர் சுகாதார விடயம் என்பதால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், உடுவில் பிரதேச செயலகத்துக்கும் போகலாம். நிலத்தடி நீர் என்றால் நீர்வளச் சபை, நீரைப் பரிசோதிக்க ஆய்வுகூடம் வைத்திருப்பது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மாசு என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, எண்ணெய் மின்நிலையப் பக்கமிருந்து வருவதாகச் சந்தேகம் என்றால் மின்சாரத்துக்குப் பொறுப்பான நிறுவனம், மாகாணத்தில் சுற்றாடலுக்கு ஓர் அமைச்சு. விபரம் தெரிந்த மனிதர் என்ன செய்வார்? ஒருவருக்கு எழுதி மற்ற எல்லாருக்கும் பிரதி போடுவார். அந்தக் கணமே அவருடைய முறைப்பாடு உரிமையாளர் இல்லாததாகிவிடுகிறது. பிரதி கிடைத்த ஒவ்வோர் அலுவலகமும் மேலே எழுதப்பட்ட பெயரைப் பார்க்கிறது. மேலே பெயருள்ள அலுவலகம் கீழே நிற்கும் நீண்ட வரிசையைப் பார்க்கிறது. எல்லாரிடமும் கடிதம் இருக்கிறது, யாரிடமும் வேலை இல்லை.

இது கற்பனை அச்சம் அல்ல. சுன்னாகம் இதை அனுபவித்த ஊர். மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் சொல்லத் தொடங்கிய பிறகு, நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 யூன் வரை ஓர் ஆய்வு செய்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆரைக்குள் 150 கிணறுகள் பார்க்கப்பட்டன. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெய் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தது. நான்கு கிணறுகளில் ஏறக்குறைய மூன்று. அறிக்கை கையில் இருந்தது. ஆனால் அந்த 109 வீட்டுக்காரருக்கும் அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் கடமை எந்த மேசையில் இருந்தது? மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு கண்டதும் நீர்வழங்கல் சபை கண்டதும் ஒன்றாக இருக்கவில்லை. இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் நின்ற குடும்பத்துக்கு, எது சரி என்று தீர்த்துச் சொல்லும் பொறுப்பை யாரிடமும் யாரும் ஒப்படைக்கவில்லை. ஊரவர்கள் வீதியில் இறங்கினார்கள். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம், அங்கே மின்னுற்பத்தி செய்துவந்த நொதேர்ன் பவர் நிறுவனத்தின் உற்பத்தியை இடைநிறுத்த உத்தரவிட்டது.

அதே ஆண்டில் ரவீந்திர காரியவசம் என்ற சுற்றாடல் செயற்பாட்டாளர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். பொதுநலன் கருதி வந்தவர். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்காக நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அதோடு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையில் தவறியதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. இந்த இரண்டாவது பகுதியை நம் அலுவலகங்கள் மறுபடி மறுபடி வாசிக்க வேண்டும் என்று கேட்கிறோம். மாசு செய்தவர் ஒருவர் இருந்தார் என்பது மட்டும் அந்த வழக்கின் கதை அல்ல. பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் பலர் இருந்தார்கள், பலர் இருந்ததனாலேயே ஒருவரும் இல்லாமற்போனார்கள் என்பதும் அதன் கதை. முறைப்பாட்டுக்கு உரிமையாளர் ஒருவரைத் தேடிக்கொள்ள இந்த ஊர் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தாமதம் இங்கே வெறும் தாமதமாக நிற்பதில்லை. நம் குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தேங்கும் மழைநீர், அவ்வளவுதான். கல்லிடுக்குகளில் நீர் ஓடுவதுபோல் அதில் கலந்ததும் ஓடும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஆடி, ஆவணியில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கிக் கல்லில் பூசிக்கொள்ளும். கார்த்திகை மழையில் நீர் ஏறும்போது மறுபடி வெளிப்படும். ஆகவே ஒரு மாதத்தில் எழுதிய முறைப்பாட்டுக்கு ஐந்து மாதம் கழித்து ஒருவர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தால், அவர் காண்பது வேறு கிணறு. எண்ணெய்ப் பரிசோதனைக்கான நீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அமிலம் சேர்த்து, குளிரில் வைத்து, தாமதிக்காமல் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். பிளாஸ்ரிக் போத்தலில் எடுத்தால் எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். எந்த நாள், எந்த ஆழம், யார் எடுத்தார் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த முடிவை வைத்து எதையும் நிறுவ முடியாது. இவ்வளவையும் ஒரு பெயருள்ள மனிதர் செய்ய வேண்டும். கடிதம் மேசை மாறிக்கொண்டிருக்கும் நாட்களில் சாட்சி கல்லுக்குள் இறங்கிவிடுகிறது.

இன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 17 உள்ளூராட்சி மன்றங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. மாகாணத் திணைக்களங்கள் வேறு, மத்திய அரசின் நிறுவனங்கள் வேறு. நாம் எழுப்பும் அபாயக்குரல் இதுதான்: இந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் உரிமையாளர் இல்லாத விண்ணப்பங்கள் கிடக்கின்றன. அவற்றின் தொகையை எந்த அலுவலகமும் சொல்வதில்லை, ஏனென்றால் அவற்றை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. தேடாமல் அவை தென்படா. உரிமையாளர் உள்ள விண்ணப்பம் தாமதித்தால் யாராவது ஒருவரைக் கேட்கலாம். உரிமையாளர் இல்லாதது எந்த நிலுவைப் பட்டியலிலும் வராது, எந்தக் கூட்டத்திலும் எழாது.

தேடுவது எப்படி? இதற்குப் புதிய கணினியோ புதிய ஆளணியோ வேண்டியதில்லை. ஒவ்வோர் அலுவலகத்திலும் உள்வரும் கடிதங்களுக்கு ஒரு பதிவேடும் வெளிச்செல்லும் கடிதங்களுக்கு ஒரு பதிவேடும் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, கடந்த ஒரு வருடத்தில் உள்ளே வந்த ஒவ்வோர் இலக்கத்துக்கும் நேரே வெளியே போன மறுமொழியின் இலக்கத்தை எழுதுங்கள். மறுமொழி இல்லாதவை நிலுவை. இது பாதி வேலைதான். அடுத்து, நிலுவையாக நிற்கும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயரை எழுத முயல வேண்டும். பதவி அல்ல, கிளை அல்ல, பெயர். பிரச்சினை வெளிப்படுவது இந்த இடத்தில்.

சிலவற்றில் ‘நிர்வாகக் கிளை’ என்று மட்டும் இருக்கும். கிளைக்குக் கை கால் இல்லை. அது உரிமையாளர் இல்லாத விண்ணப்பம். சிலவற்றில் பெயர் இருக்கும், ஆனால் அந்த முகாமைத்துவ உதவியாளர் போன வருடமே இடமாற்றத்தில் கிளிநொச்சிக்குப் போயிருப்பார். கோவை அவருடைய அலுமாரியிலேயே இருக்கும். அதுவும் உரிமையாளர் இல்லாததுதான். கண்டுபிடிக்க அதிகம் கடினமானது மூன்றாவது வகை. ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டது’ என்று எழுதி வேறொரு திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டவை. வெளிச்செல்லும் பதிவேட்டில் இலக்கம் இருப்பதால் இவை முடிந்தவை போலத் தெரியும். மனுதாரருக்கும் ஒரு பிரதி போயிருக்கும், அவர் நம்பிக் காத்திருப்பார். அனுப்பிய அலுவலகம் தன் கணக்கில் தீர்ந்தது என்று போட்டிருக்கும். பெற்ற அலுவலகம் தன்னிடம் நேரே விண்ணப்பிக்கப்படவில்லை என்று இருக்கும். நம் அனுபவத்தில் சிக்குண்டு கிடக்கும் விண்ணப்பங்களில் பெரும் பங்கு இந்த வகையைச் சேர்ந்தது.

பெயர் எழுதிவிட்டால் மட்டும் போதாது, அது உண்மையான பெயரா என்று பார்க்க ஒரு சிறிய சோதனை இருக்கிறது. அந்த உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, கோவையைப் பார்க்காமல், இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் அடுத்த வேலை என்ன, அதை எந்தத் திகதியில் செய்யப்போகிறீர்கள்? இரண்டுக்கும் விடை இருந்தால் அவர் உரிமையாளர். ‘அது அங்கேயிருந்து பதில் வரவேணும்’ என்று சொன்னால் அவர் உரிமையாளர் அல்ல, காத்திருப்பவர்.

நம் அலுவலகத் தமிழும் இந்த நோய்க்கு இடம் கொடுக்கிறது. ‘ஆவன செய்க’, ‘நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘கவனத்திற் கொள்ளப்பட்டது’, ‘தீர்மானிக்கப்பட்டது’: செய்பவர் இல்லாத வாக்கியங்கள். தமிழில் செய்பவர் தோன்றாமலே வாக்கியம் நிறைவு பெறும். வீட்டில் அது அழகு, பேசுகிறவர் யாரென்று கேட்பவருக்குத் தெரியும். கூட்டக் குறிப்பில் அது பொறுப்பை அழிக்கும் கருவி. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொரு தீர்மானத்திலும் வினைமுற்றுக்கு ‘யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத தீர்மானம் அடுத்த கூட்டத்திலும் அதே சொற்களில் வந்து நிற்கும்.

சரி, கண்டுபிடித்தவற்றை யாரிடம் கொடுப்பது? இங்கே பிழை விடுவது மிகச் சுலபம். விடயம் தெரிந்தவரிடம் கொடுப்பது வழக்கம். அது சரியல்ல. அடுத்த வேலையைச் செய்ய யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவரிடம் கொடுக்க வேண்டும். சுன்னாகத்துக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். முறைப்பாடு பிரதேச சபைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வது சபையால் ஆகாது. ஆனால் முதல் வேலை அது அல்ல. முதல் வேலை அந்த வீட்டுக்காரர் இன்றைக்கு எதைக் குடிப்பது என்பது. பவுசரில் நீர் அனுப்பச் சபையால் முடியும். ஆகவே சபையின் ஓர் உத்தியோகத்தர், பெயரோடு, அன்றே பொறுப்பேற்கிறார். அடுத்தது நீர் மாதிரி எடுப்பது. அதைச் சுகாதாரப் பக்கத்தில் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செய்யலாம். அவரோடு பேசி நாள் குறித்து, அந்த ஒரு வேலைக்கு அவருடைய பெயரை எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு முடிவு சுற்றாடல் அதிகாரசபைக்குப் போக வேண்டும். அங்கும் ஒரு பெயர்.

பகுதி வேலைகள் எத்தனை பேரிடம் பிரிந்தாலும், மனுதாரருக்கு விடை சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்: சபையில் முதலில் பொறுப்பேற்ற அதே உத்தியோகத்தர். வீட்டுக்காரரின் தொலைபேசி அவருக்கு வரும், இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொல்லி அவர் அனுப்பக்கூடாது. அவர் கைவிட ஒரே வழிதான் இருக்க வேண்டும்: பெற்றுக்கொள்பவர் தன் பெயரெழுதி ஒப்பமிட்டு ஏற்றுக்கொள்வது. ஒப்பம் வரும்வரை அனுப்பியவருடையது அனுப்பியவருடையதே. வீட்டில் கைக்குழந்தையைக் கைமாற்றும்போது மற்றவர் பிடித்துவிட்டார் என்று தெரியாமல் யாராவது கையை எடுப்பார்களா? அலுவலகங்களுக்கிடையே மட்டும் நாம் கையை எடுத்துவிட்டுத்தான் மற்றவரைத் திரும்பிப் பார்க்கிறோம்.

யாருக்கும் அதிகாரம் இல்லாத, அல்லது எல்லாரும் மறுக்கும் விண்ணப்பத்தை என்ன செய்வது? இதற்கு நம் சட்டமே ஒரு வழி காட்டியிருக்கிறது, அதை நாம் பயன்படுத்தத் தவறுகிறோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தகவல் உத்தியோகத்தரை நியமிக்க வேண்டும் என்கிறது. நியமிக்காவிட்டால்? அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் உத்தியோகத்தராகக் கருதப்படுவார். சட்டம் இயற்றியவர்கள் வெற்றிடம் உருவாகும் என்று முன்கூட்டியே உணர்ந்து, வெற்றிடத்துக்கும் ஒரு பெயரை வைத்துவிட்டார்கள். ‘யாரும் நியமிக்கப்படவில்லை’ என்ற சாக்கு அங்கே செல்லாது. இதே விதியை எல்லா விண்ணப்பத்துக்கும் ஒவ்வோர் அலுவலகமும் தன் உட்சுற்றறிக்கை ஒன்றால் கொண்டுவரலாம்: வந்து 7 நாளுக்குள் பெயர் எழுதப்படாத கடிதம் பிரதேச செயலாளருடையது, அல்லது சபைச் செயலாளருடையது. தலைவரின் மேசையில் தானாக வந்து சேரும் என்று தெரிந்தால் கீழே பெயர்கள் விரைவாக எழுதப்படும்.

இதில் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் வேலை தெரிந்த, ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத ஒருவர் இருப்பார். அனாதையாகக் கிடந்த அத்தனையும் அவர் தலையில் வந்து விழும். மூன்று மாதத்தில் அவரிடம் நூறு கோவை சேர்ந்தால், அவை மறுபடி உரிமையாளர் இல்லாதவை ஆகிவிட்டன என்றே பொருள், பெயர் மட்டும் இருக்கும். எனவே பொறுப்புக் கொடுப்பவர் ஒவ்வொருவரிடமும் எத்தனை இருக்கிறது என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பழையது முதலில் என்று கண்மூடி வரிசைப்படுத்துவதும் தவறு. மூன்று வருடமாகக் கிடக்கும் மதில் எல்லைத் தகராறு இன்னும் ஒரு கிழமை பொறுக்கும். நேற்று வந்த குடிநீர் முறைப்பாடு பொறுக்காது. தகவல் உரிமைச் சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். சாதாரண விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லக் கேட்கும் அதே சட்டம், உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம் என்கிறது.

இன்னொரு ஏமாற்றமும் நடக்கும். பட்டியல் தயாரானதும், நிலுவையைக் குறைக்கும் அவசரத்தில் மறுமொழிகள் பறக்கும்: ‘தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது.’ பதிவேட்டில் இலக்கம் விழும், எண்ணிக்கை இறங்கும், கிணற்றில் எண்ணெய் அப்படியே இருக்கும். இதைப் பிடிக்க மேலதிகாரி செய்ய வேண்டியது, தீர்ந்தது என்று குறிக்கப்பட்டவற்றிலிருந்து மாதம் பத்தை எடுத்து, மனுதாரருக்கே தொலைபேசியில் பேசி, ‘உங்கட பிரச்சினை முடிஞ்சதோ?’ என்று கேட்பது. பத்தில் நான்கு பேர் இல்லை என்றால் அந்தப் பதிவேடு பொய் சொல்கிறது.

அலுவலகங்கள் தாமாகத் தொடங்காவிட்டால் தொடக்கிவைக்க மக்களாலும் முடியும். உங்கள் விண்ணப்பம் கிடந்து போனதாகச் சந்தேகம் வந்தால், ஏன் தாமதம் என்று எழுதாதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘பரிசீலனையில்’ என்ற விடை எப்போதும் தயாராக இருக்கும். தகவல் உரிமை விண்ணப்பமாக எழுதுங்கள். இந்தத் திகதியில் நான் கொடுத்த, இந்தப் பதிவு இலக்கமுள்ள விண்ணப்பம் இன்றைக்கு எந்த உத்தியோகத்தரின் பொறுப்பில் இருக்கிறது, அவருடைய பெயரும் பதவியும் என்ன, கோவையில் கடைசியாகக் குறிப்பு எழுதப்பட்ட திகதி என்ன, அந்தக் குறிப்பின் பிரதி ஒன்று வேண்டும். இவை கருத்துக் கேட்கும் கேள்விகள் அல்ல, பதிவேட்டைப் பார்த்து விடை எழுத வேண்டியவை. விடை எழுத உட்காரும் தகவல் உத்தியோகத்தர் கோவையைத் தேட வேண்டும். பெயர் இல்லையென்று கண்டால் அதையும் அவர் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் வெளியே போகுமுன் பெரும்பாலும் ஒரு பெயர் எழுதப்பட்டுவிடும். விண்ணப்பத்தைக் கையளிக்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க மறக்க வேண்டாம். பதிவு இலக்கம் இல்லாத கடிதத்தைத் தேடவே முடியாது.

காலம் நமக்குச் சாதகமாக இல்லை. அரச சேவையின் வருடாந்த இடமாற்றங்கள் வழமையாக சனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வருகின்றன. அதே வாரங்களில்தான் மாரி மழையால் குடாநாட்டின் நீர்மட்டம் ஏறி, கோடையில் கல்லில் ஒட்டியிருந்தவை கிணறுகளில் வெளிப்படுகின்றன. முறைப்பாடுகள் வரத் தொடங்கும் நேரமும், அவற்றைத் தெரிந்தவர்கள் மேசையை விட்டு எழும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. கையளிப்பு ஆவணத்தில் கதிரை, அலுமாரி, கணினி எல்லாம் எண்ணி எழுதப்படுகின்றன. தீராத விண்ணப்பங்களின் பட்டியலும், ஒவ்வொன்றையும் இனிமேல் வைத்திருக்கப்போகிறவரின் ஒப்பமும் அதில் சேராமல், இந்த மார்கழியில் எந்த உத்தியோகத்தரையும் விடுவிக்கக்கூடாது. மாவட்டச் செயலாளரும் உள்ளூராட்சி ஆணையாளரும் இதற்கான அறிவுறுத்தலைக் கார்த்திகை முடியுமுன் எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்த அறிவுறுத்தலின் அடியில் அதை நடைமுறைப்படுத்தப்போகிறவரின் பெயரும் இருக்க வேண்டும்.